சங்கக்கடைக்கு இருப்புப் புத்தகம்: உறுப்பினர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

மார்ச் 2, இரவு | கரைச்சிப் பொருளாளர்

இந்த மாதக் கடைசி ஞாயிறு எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டம். கடைக்கு இருப்புப் புத்தகம் வேண்டும் என்று நிர்வாக சபையில் வாயைத் திறந்தது நான்தான். அதனால் உறுப்பினர்களுக்கு விளங்கப்படுத்தும் வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள்.

கடை சின்னது. ஒரு தங்கச்சி விற்பனைக்கு நிற்கிறா. காசுப் புத்தகம் இருக்கிறது, கடன் கொப்பி இருக்கிறது, சாமான் வந்த பில்லுகள் கம்பியில் குத்திக் கிடக்கின்றன. இன்றைக்குக் கடையில் எத்தனை கிலோ சீனி இருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. வருசக் கடைசியில் எல்லாவற்றையும் எண்ணுவோம். காசோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஏதோ ஒரு தொகை குறையும். ஆளையாள் பார்ப்போம். "எலி, கழிவு" என்று எழுதிக் கையொப்பம் வைப்போம்.

புத்தகம் வைக்கலாம் என்றதும் ஒரு ஆச்சி கேட்டா: "அந்தப் பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்லுறியோ?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பிள்ளை பாதி ஊருக்குச் சொந்தம். கூட்டத்தில் இதே கேள்வி இன்னும் பலமாக வரும். என்ன சொல்லலாம்?


மார்ச் 3, காலை | மாங்குளம் கடைக்காரன்

நான் வருசக்கணக்காகக் கடை நடத்துகிறேன். இருப்புப் புத்தகம் என்று ஒன்றை என் கடை கண்டதில்லை. மூட்டையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும் எவ்வளவு போயிருக்கிறது, எப்போது லொறிக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று. நல்ல ஆளைக் கடையில் நிறுத்துங்கள். புத்தகம் எழுதும் நேரத்தில் இரண்டு ஆளுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கலாம்.


மார்ச் 3, மதியம் | கரைச்சிப் பொருளாளர்

அண்ணை, உங்கள் கடையில் வாங்குவதும் நீங்கள், விற்பதும் நீங்கள், காசு எண்ணுவதும் நீங்கள், நட்டப்பட்டால் நட்டமும் உங்களுக்கு. உங்கள் கண்ணே உங்களுக்குப் புத்தகம். எங்கள் கடைக்குப் பங்குக்காசு கட்டியவர்கள் நூற்றுக்கு மேல். யாருடைய கண்ணை நம்புவது?

கொஞ்சம் யோசித்தால் இதுவே பேச்சுக்கு நல்ல தொடக்கமாகப் படுகிறது. தனிக்கடைக்காரனுக்குத் தேவைப்படாத ஒன்று பொதுக்கடைக்கு ஏன் தேவை என்று கேட்டுத் தொடங்கலாம்.


மார்ச் 3, இரவு | முள்ளியவளை அக்கா

நான் சொல்கிறேன் ஆச்சிக்கு என்ன பதில் என்று. ஒரு சங்கக்கடையில் விற்பனையாளராக இருந்தவள் நான். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள்.

வருசக் கடைசியில் எண்ணினார்கள். அரிசி, மா, பருப்பு எல்லாம் சேர்த்து என் சம்பளத்தில் பல மாதத்துக்குச் சமமான தொகை குறைந்தது. "பொறுப்பு உன்னட்ட இருந்தது" என்றார்கள். மாதாமாதம் வெட்டினார்கள். மூட்டை இறக்கும்போது ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை, லொறி வந்தால் எண்ணிக்கையைப் பார்த்துக் கையொப்பம் போடு என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. நிர்வாக சபைக் கூட்டம் நடந்தால் தேத்தண்ணிக்குச் சீனியும் பால்மாவும் கடையிலிருந்துதான் போகும். எங்கே எழுதுவது என்று கேட்டால், பிறகு பார்ப்பம் என்பார்கள். நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். காட்டுவதற்கு ஒரு கடதாசி இல்லை.

புத்தகம் இருந்தால் கள்ளி என்று சொல்வதாகுமா என்று அந்த ஆச்சி கேட்கிறா. புத்தகம் இல்லாமல்தான் என்னைச் சொன்னார்கள்.


மார்ச் 4, காலை | கரைச்சிப் பொருளாளர்

அக்கா, இதைப் பெயரில்லாமல் கூட்டத்தில் சொல்லலாமா?


மார்ச் 4, காலை | முள்ளியவளை அக்கா

சொல்லுங்கோ. தேத்தண்ணிப் பகுதியை விடாமல் சொல்லுங்கோ.


மார்ச் 5 | துணுக்காய் தம்பி

உர இருப்பு பற்றியா கதைக்கிறீர்கள்? எங்கள் கமக்காரர் அமைப்பில் சிறுபோகத்துக்கு யூரியா வந்ததா இல்லையா என்று யாருக்காவது தெரியுமா? போனமுறை பட்டியலில் என் பெயரே இல்லை.


மார்ச் 5 | கரைச்சிப் பொருளாளர்

இல்லைத் தம்பி, இது சங்கக்கடை. உரத்துக்கு உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.


மார்ச் 6, இரவு | கரைச்சிப் பொருளாளர்

பேச்சுக்கு உண்மையான ஒரு கணக்கு வேண்டும் என்று நினைத்தேன். பெப்ரவரியில் நானும் விற்பனைத் தங்கச்சியும் சீனிக்கு மட்டும் ஒரு சீ.ஆர் கொப்பியில் பக்கம் வைத்துப் பார்த்தோம். அந்தப் பக்கத்தையே காட்டப் போகிறேன்.

தலைப்புகள் ஐந்து: திகதி, விபரம், வந்தது, போனது, மீதி. ஓரத்தில் கையொப்பத்துக்கு இடம். சனிக்கிழமை பின்னேரங்களில் நான் போய்த் தராசில் நிறுத்தேன்.

மாதத் தொடக்கத்தில் 22 கிலோ இருந்தது. முதல் வாரம் 2 மூட்டை, 100 கிலோ வந்தது. 41 கிலோ விற்றது. புத்தகப்படி 81 கிலோ இருக்க வேண்டும், நிறுத்தபோது 80. ஒரு கிலோ குறைவு.

இரண்டாம் வாரம் ஒன்றும் வரவில்லை. 38 கிலோ போனது. புத்தகத்தில் 43, தராசில் 41.5. மொத்தக் குறைவு ஒன்றரைக் கிலோ. அதாவது அந்த வாரத்தில் கூடியது அரைக் கிலோதான்.

மூன்றாம் வாரம் ஒரு மூட்டை வந்தது, 47 கிலோ போனது. புத்தகத்தில் 46 நிற்கிறது. தராசில் 39.5. குறைவு ஆறரைக் கிலோவாகிவிட்டது. ஒரே வாரத்தில் ஐந்து கிலோ.

முதலிரண்டு வாரக் குறைவுக்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. கையால் அள்ளி ஒரு கிலோப் பையாகக் கட்டும்போது ஒவ்வொரு பையிலும் பத்துப் பதினைந்து கிராம் கூடப் போகும். 80 பைக்கு அது ஒரு கிலோவைத் தொட்டுவிடும். ஆனால் ஐந்து கிலோ அப்படிப் போகாது. புது மூட்டையை இறக்கும்போதே நிறுத்திருந்தோம், அது சரி. அப்படியென்றால் அந்த ஏழு நாளுக்குள்தான் ஏதோ நடந்திருக்கிறது. தங்கச்சி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா: வாய்க்கால் துப்புரவாக்கச் சிரமதானம் நடந்ததே, அன்றைக்கு நிர்வாக சபை உறுப்பினர் ஒருவர் ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு போனார், சங்கக் கணக்கில் போடச் சொன்னார் என்று. எந்தச் சங்கக் கணக்கு? அப்படி ஒரு கணக்கே இல்லை.

அவரிடம் கேட்டோம். "ஓம், எடுத்தனான்" என்றார். பொதுச்செலவு என்று எழுதிக் கையொப்பமும் வைத்தார். கோபம் இல்லை, சண்டை இல்லை. ஒரு வாரத்துக்குள் கேட்டபடியால் அவருக்கும் நினைவிருந்தது. இதையே டிசெம்பரில் கேட்டிருந்தால் யாருக்கு நினைவிருக்கும்? ஒரு வருசத்துக்கு அள்ளிப்போட்ட பத்துப் பதினைந்து கிராம்களோடு இந்த ஐந்து கிலோவும் கலந்து, கடைசியில் அந்தப் பிள்ளையின் பெயருக்குக் கீழே நிற்கும்.


மார்ச் 7 | மாங்குளம் கடைக்காரன்

சரி, வாரக் கணக்கு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்கும்போது ஒவ்வொன்றாக எழுதுவது நடக்காத காரியம். பின்னேரம் கடை பூட்டும்போது மிச்சத்தை எண்ணுங்கள். காலையில் 30 பை, இப்போது 19 பை. 11 விற்றது என்று எழுதிவிட்டுப் போங்கள். ஐந்து நிமிட வேலை.


மார்ச் 7, இரவு | பழைய பரிசோதகர்

கடைசி வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கூட்டுறவுத் திணைக்களத்தில் என் உத்தியோக காலம் முழுக்க இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் பார்த்தேன். மிக அழகாக எழுதப்பட்டிருக்கும். ஒரு நாளும் ஒரு கிலோ பிசகாது. மிச்சத்தைப் பார்த்து, கழித்து, "விற்றது" என்று எழுதினால் புத்தகம் எப்படிப் பிழைக்கும்? நான் இரவில் வந்து இரண்டு பை எடுத்துக்கொண்டு போனாலும் அடுத்த நாள் "13 விற்றது" என்று எழுதுவீர்கள். புத்தகம் சரி, இருப்பு சரி. காசுப்பெட்டியில் மட்டும் இரண்டு பைக் காசு இருக்காது. அது பருப்புக் காசா சீனிக் காசா என்று அங்கே பெயர் எழுதி இருக்காது.

பொருளாளர் தம்பி பெப்ரவரியில் "41 விற்றது" என்று எழுதினாரே, அந்த 41 எங்கிருந்து வந்தது? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.


மார்ச் 8, காலை | கரைச்சிப் பொருளாளர்

ஐயா, காசுமேசையில் ஒரு மட்டை வைத்திருக்கிறோம். ஒரு கிலோப் பை போனால் ஒரு கோடு, அரைக் கிலோ என்றால் பாதிக் கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. கடன் என்றால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். பூட்டும்போது கோடுகளை எண்ணிப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு மட்டையில் திகதி போட்டு வைப்போம்.


மார்ச் 8, மதியம் | பழைய பரிசோதகர்

அப்படியென்றால் சரி. அந்த மட்டைதான் உங்கள் பேச்சின் நடு. மக்களுக்கு இதைச் சொல்லுங்கள்: புத்தகத்தில் மூன்று எண் இருக்கிறது, மூன்றும் மூன்று இடத்திலிருந்து வர வேண்டும். வந்தது லொறிக்காரரின் பில்லிலிருந்தும் இறக்கும்போது நிறுத்த தராசிலிருந்தும் வருகிறது. போனது விற்ற நேரத்தில் போட்ட கோட்டிலிருந்து வருகிறது. மீதி, விற்காத ஒருவர் வந்து எண்ணியதிலிருந்து வருகிறது. ஒரே ஆள் ஒரே பேனையால் மூன்றையும் எழுதினால் அந்தப் புத்தகம் யாரையும் காப்பாற்றாது. எழுதியவரையும் காப்பாற்றாது.

இன்னொன்று. எல்லாச் சாமானுக்கும் பக்கம் திறக்க வேண்டாம். தீப்பெட்டிக்கும் ஊசிக்கும் பக்கம் திறந்த சங்கங்கள் இரண்டாம் மாதமே எழுதுவதை விட்டுவிடும். கடையின் காசு எதில் முடங்கிக் கிடக்கிறதோ அந்த ஆறேழு சாமானுக்குப் போதும். உங்கள் பக்கத்தில் என்றால் அரிசி, சீனி, மா, பருப்பு, தேங்காய் எண்ணெய், பால்மா.


மார்ச் 8, இரவு | கரைச்சிப் பொருளாளர்

அச்சடித்த பெரிய பதிவேடு ஒன்று வாங்கும் எண்ணம் இருந்தது. விட்டுவிட்டேன். ஆறு சாமான், ஒரு சீ.ஆர் கொப்பி, பக்கங்களுக்கு முன்கூட்டியே இலக்கம் போட்டு முதல் பக்கத்தில் எத்தனை பக்கம் என்று எழுதித் தலைவர் கையொப்பம். தாள் கிழித்தால் தெரிந்துவிடும். டிப்பெக்ஸ் பூசக்கூடாது. பிழைத்தால் ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் சரியான எண்ணை எழுதிக் கையொப்பம். கீழே என்ன இருந்தது என்று வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை எண்ணி முடிந்ததும் பக்கத்தைப் போனில் படம் எடுத்து நிர்வாக சபையின் வைபர் குழுவில் போடுவது. 2009 இல் புத்தகம் எல்லாம் போன ஊர் இது, ஒரு பிரதி வேறெங்காவது இருப்பது நல்லது. அதைவிட, படம் போன பிறகு பழைய எண்ணைத் திருத்துவது கஷ்டம்.


மார்ச் 10 | பூநகரிக் கடலோடி

எங்கள் சங்கத்தில் கிலோக் கணக்கெல்லாம் கிடையாது, ரூபாக் கணக்கு. விற்கிற விலையில் ஒரு இலட்சத்துக்குச் சாமான் கொடுப்பார்கள். மனேச்சர் எண்பதாயிரம் வங்கியில் போட்டிருந்தால், கடையில் விற்பனை விலைக்கு இருபதாயிரத்துக்குச் சாமான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கட்டுவார். ஒரே எண், எல்லாச் சாமானும் அதற்குள் அடக்கம். இது உங்கள் கோட்டு மட்டையை விட லேசு இல்லையா?


மார்ச் 10, இரவு | பழைய பரிசோதகர்

லேசுதான், பழைய முறையும்தான். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளைக்கடைகள் பெரும்பாலும் அப்படித்தான் ஓடின. அதை விடச் சொல்லமாட்டேன், தீப்பெட்டியும் ஊசியும் அந்த எண்ணுக்குள் கிடக்கட்டும். ஆனால் அதில் இரண்டு குறை. எது குறைந்தது என்று அது சொல்லாது, எவ்வளவு குறைந்தது என்று மட்டும்தான் சொல்லும். மற்றது, விலை மாறும் நாளில் அது குருடாகிவிடும்.

மண்ணெண்ணெயை எடுங்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஒரு கடைப் பீப்பாவில் அன்றிரவு 60 லீற்றர் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அதன் பெறுமதி 5,220 ரூபா. விடிந்தால் அதே எண்ணெய் 20,400 ரூபா. இடையில் 15,180 ரூபா. யாராவது அன்று காலை கடை திறக்கும் முன் அளவுகோலை விட்டுப் பார்த்து "60 லீற்றர், புது விலை" என்று எழுதியிருந்தால் அந்த 15,180 சங்கத்தின் கணக்கில் ஏறும். எழுதாவிட்டால் மனேச்சர் 60 லீற்றரையும் 340க்கு விற்று 5,220க்குக் கணக்குக் காட்டலாம். அல்லது, அவர் நேர்மையானவராக இருந்து எல்லாக் காசையும் வங்கியில் போட்டால், வேறு சாமானில் போன பதினையாயிரம் ரூபாக் குறைவை அந்தக் கூடுதல் மூடிவிடும். இரண்டாவதை யாரும் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

விலை இறங்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். எண்ணி எழுதாவிட்டால் பழைய கூடிய விலைக்கு மனேச்சர் பொறுப்பு, விற்பதோ குறைந்த விலைக்கு. களவே இல்லாமல் குறைவு வரும்.


மார்ச் 10, இரவு | பூநகரிக் கடலோடி

2022 ஓகஸ்டில் பீப்பாவில் 60 லீற்றர் மிச்சம் இருந்த கடையா? எங்கே அது? அன்றைக்குச் சொல்லியிருந்தால் கலனோடு வந்திருப்பேனே ஐயா. நாங்கள் படகைக் கரையில் கட்டிப்போட்டு வரிசையில் நின்றோம்.


மார்ச் 11 | கரைச்சிப் பொருளாளர்

விலை மாறும் நாளுக்குப் பேச்சில் இரண்டு வரி ஒதுக்குகிறேன். மண்ணெண்ணெய்க் கணக்கையே சொன்னால் எல்லோருக்கும் பிடிபடும், அந்த வருசத்தை யாரும் மறக்கவில்லை. எங்கள் கிலோப் பக்கத்துக்கு விலை தேவையில்லை, கிலோ விலையோடு மாறாது. ஆனால் மட்டையில் விலை மாறிய இடத்தில் ஒரு கோடு கிழித்து நேரம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கோட்டை விலையால் பெருக்கிக் காசோடு பார்க்க முடியாது.


மார்ச் 12 | முள்ளியவளை அக்கா

எலியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. எலி உண்மையாகவே தின்னும். எங்கள் கடையில் பருப்பு மூட்டையில் ஓட்டை போட்டது.


மார்ச் 12 | மாங்குளம் கடைக்காரன்

சங்கக்கடை எலிதான் வன்னியிலேயே கொழுத்த எலி. வருசத்துக்கு ஒரு முறைதான் தின்னும், அதுவும் கணக்கெடுக்கும் கிழமை.


மார்ச் 12, இரவு | பழைய பரிசோதகர்

எலி கடித்த மூட்டையைக் கண்ட அன்றே நிறுத்து, இரண்டு பேருக்குக் காட்டி, "கழிவு" என்று எழுத வேண்டும். சாக்கையும் எறியாமல் வைத்திருங்கள். கணக்கெடுக்கும் நாளில் நினைவுக்கு வரும் எலியை நான் ஏற்றுக்கொண்டதில்லை.

கழிவில் எலியைவிட அரிசி உலர்வதுதான் பெரியது. 14 வீத ஈரத்தோடு வந்த அரிசி தகரக் கூரைக்குக் கீழே கிடந்து 12 வீதத்துக்கு உலர்ந்தால் 50 கிலோ மூட்டை 48.9 கிலோவுக்கு வந்துவிடும். யாரும் ஒரு பிடி எடுக்கவில்லை, தண்ணீர்தான் போனது. சோளகம் வீசும் மாதங்களில் பார்க்கலாம். உப்பு மாரியில் அதற்கு எதிர்ப்பக்கம். ஆகவே "குறைவு பூச்சியமாக இருக்க வேண்டும்" என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் விற்பவர் ஒவ்வொரு பையிலும் இருபது கிராம் குறைத்துக் கட்டிப் பூச்சியமாக்கிக் காட்டுவார். உறுப்பினர்தான் நட்டப்படுவார்.


மார்ச் 13 | கரைச்சிப் பொருளாளர்

அந்தக் கடைசி வரியை நான் யோசித்திருக்கவில்லை. இதுவரை குறைவுதான் கெட்டது என்ற கணக்கில் எழுதிக்கொண்டு போனேன். எண்ணும்போது புத்தகத்தைவிட அதிகம் இருந்தாலும் கேட்க வேண்டும். ஒன்று நிறை குறைத்துக் கட்டியிருக்கிறோம், அல்லது கோடு கூடப் போட்டிருக்கிறோம், அல்லது வந்த மூட்டை ஒன்றை எழுதவில்லை.

அனுமதிக்கும் கழிவு எவ்வளவு என்பதை ஊகித்து வைக்க வேண்டாம், ஒருமுறை செய்து பார்ப்போம் என்று இன்று கடையில் ஒரு மூட்டைச் சீனியை உடைத்துக் கட்டினோம். வெறும் சாக்கையும் நிறுத்துக் கழித்தோம். சீனி சரியாக 50 கிலோ. மின்தராசில் ஒவ்வொரு பையாகப் பார்த்துக் கட்டியபோது 49 கிலோப் பையும் கடைசியில் 700 கிராமும் வந்தன. 300 கிராம் தரையிலும் தராசுத் தட்டிலும் சாக்கு மடிப்பிலும் போயிருக்கிறது. அவசரமில்லாமல் கட்டியதற்கே அவ்வளவு. ஆகவே சீனி மூட்டைக்கு அரைக் கிலோ வரைக்கும் கேள்வி கேட்பதில்லை, அது கடைச் செலவு என்று நிர்வாக சபைக்குச் சொல்லப் போகிறேன். அரிசிக்கு வேறு எண் வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் வேறு வேறாகவும் இருக்கலாம். அதை இப்போது முடிவெடுக்க முடியாது, ஒரு வருசம் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.


மார்ச் 16 | துணுக்காய் தம்பி

யூரியா வந்துவிட்டது. பட்டியலில் இந்த முறை பெயர் இருக்கிறது. ஆனால் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை கொடுத்தார்கள் என்று கேட்டேன், "முடிஞ்சுது" என்றார்கள். உங்கள் கொப்பி மாதிரி ஒன்று அங்கேயும் வைக்கச் சொல்லலாமா?


மார்ச் 16 | பழைய பரிசோதகர்

சொல்லலாம். வந்த மூட்டையின் பில் இலக்கத்தை முதலில் கேளுங்கள்.


மார்ச் 20 | மாங்குளம் கடைக்காரன்

ஒரு சந்தேகம். எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. வந்த சாமானைப் புத்தகத்தில் ஏற்றாமலே விற்றுவிட்டால்? பத்து மூட்டை வந்தது, எட்டு என்று எழுதினால் உங்கள் மூன்று எண்ணும் பொருந்தும்.


மார்ச் 20, இரவு | பழைய பரிசோதகர்

நல்ல கேள்வி. நீர் தனிக்கடைக்காரர்தான், ஆனால் மூளை பரிசோதகர் மூளை. அதை இருப்புப் புத்தகம் தனியாகப் பிடிக்காது. மொத்தக் கடையிலிருந்து வரும் பில்லும், அதற்குச் சங்கம் கட்டிய காசும் ஒரு பக்கம். புத்தகத்தில் "வந்தது" என்ற நிரல் மறுபக்கம். மாதம் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து மூட்டைக்குக் காசோலை போயிருந்தால் பத்து மூட்டை ஏறியிருக்க வேண்டும். காசோலை எழுதும் பொருளாளரே "வந்தது" நிரலையும் எழுதி மீதியையும் எண்ணினால் இந்தச் சோதனையும் பாழ். ஆகவே கரைச்சித் தம்பி, சனிக்கிழமை எண்ணும் வேலையை நீங்கள் விட்டுவிட வேண்டும்.


மார்ச் 21 | கரைச்சிப் பொருளாளர்

வாசித்ததும் கொஞ்சம் சுட்டது. ஆனால் சரிதான். காசோலையும் நான், எண்ணுவதும் நான் என்றால் மாங்குளம் அண்ணையின் கடைக்கும் எங்கள் கடைக்கும் என்ன வித்தியாசம்?

எண்ணுவதற்கு உறுப்பினர்களில் இரண்டு பேரைக் கேட்கலாம், மாதத்துக்கு மாதம் மாற்றலாம். நிர்வாக சபையில் இல்லாதவர்கள். பிரச்சினை, எங்கள் ஊரில் விற்பனைத் தங்கச்சிக்குச் சொந்தமில்லாத இரண்டு பேரைக் கண்டுபிடிப்பது. சொந்தமில்லாதவர்கள் என்று பார்த்தால் அவ வீட்டோடு வேலிச் சண்டையில் இருப்பவர்கள்தான் மிஞ்சுகிறார்கள்.


மார்ச் 21 | முள்ளியவளை அக்கா

ஒரு சொந்தக்காரரும் ஒரு வேலிச் சண்டைக்காரரும் சேர்ந்து எண்ணட்டும். இரண்டு பேரும் ஒரே எண்ணுக்குக் கையொப்பம் வைத்தால் அதைவிட வேறென்ன சாட்சி?

இன்னொன்று, விற்கிற பிள்ளையும் அந்த இடத்தில் நின்று எண்ணிக்கையைப் பார்த்துக் கையொப்பம் வைக்க வேண்டும். அவ இல்லாத நேரம் எண்ணிவிட்டுப் பிறகு வந்து குறைவு என்று சொல்வதற்கு விடாதீர்கள்.


மார்ச் 30, இரவு | கரைச்சிப் பொருளாளர்

கூட்டம் முடிந்தது. சீனிப் பக்கத்தைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். சிரமதானச் சீனி வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், எடுத்தவரும் சிரித்தார், பெயர் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு முள்ளியவளை அக்காவின் கதை. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆச்சி கேட்டா, எதிர்பார்த்த கேள்விதான். நான் வாய் திறக்குமுன் விற்பனைத் தங்கச்சி எழும்பி, "எனக்கு அந்தக் கொப்பி வேணும் ஆச்சி, சனிக்கிழமை கையொப்பம் வைச்சா ஞாயிற்றுக்கிழமை நான் நிம்மதியா இருப்பன்" என்றா. ஆச்சி ஏற்றுக்கொண்டாவா என்று சொல்ல முடியாது. "என்னவோ செய்யுங்கோ" என்றா.

எண்ணுவதற்கு இரண்டு பேர் என்பது நிறைவேறியது. அரைக் கிலோக் கழிவும் நிறைவேறியது. இழுபட்டது கடன்தான். அறுவடைக் காசு வரும்வரை கொடுக்கும் சாமானை வட்டம் போட்ட கோடாக எழுதுகிறோம், கடன் கொப்பியிலும் ஏற்றுகிறோம். அந்த இரண்டையும் சனிக்கிழமை எண்ணுபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். யாருக்கு எவ்வளவு கடன் என்று பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதா என்று நாலைந்து பேர் எழும்பிவிட்டார்கள். நியாயமான பேச்சுத்தான். பெயரை மறைத்து மொத்தக் கிலோவை மட்டும் காட்டலாம் என்றேன். யார் மறைப்பது, யார் கூட்டுவது என்று அடுத்த கேள்வி. மழை இருட்டியதும் கூட்டம் கலைந்தது.

ஐயா, பெயரில்லாமல் கடன் மொத்தத்தைச் சரிபார்க்க உங்கள் காலத்தில் ஏதாவது வழி இருந்ததா?


மார்ச் 31 | பழைய பரிசோதகர்

கடனே கொடுக்கக்கூடாது என்பதுதான் எங்கள் காலத்து வழி. அது எங்கேயும் நடக்கவில்லை. கடன் துண்டுகளுக்கு இலக்கம் போட்டுப் பாருங்கள். எண்ணுபவர் இலக்கத்தையும் கிலோவையும் பார்க்கட்டும், பெயர் அடிக்கட்டையில் தலைவரிடம் இருக்கட்டும். முழுக்கச் சரிவருமா என்று எனக்கும் சந்தேகம்தான். சித்திரை வருசத்துக்குக் கடன் கூடும், அந்தக் கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.